வட்டி கொடுத்துவிட்டு அதற்கும் வரி கேட்கும் கடனாளி

"ரீஃபண்ட் வந்துடுச்சு! ஆனா கணக்கைவிட ஜாஸ்தியா வந்திருக்கு."

"ஜாஸ்தியா வந்தா சந்தோஷமா வாங்கி வெச்சுக்க வேண்டியதுதானே. அது உன்னோட காசுடி. உன் காசுக்கு யாரு வரி கேப்பா?"

வருடா வருடம் ஜூலையில் தொடங்கி டிசம்பர் வரை ஹாஸ்டல் அறைகளிலும் ஆபீஸ் கேண்டீன்களிலும் கேட்கிற உரையாடல் இது. இரண்டாவதாகப் பேசுபவர் சொல்வதில் பாதி சரி, பாதி தப்பு. தப்பான பாதியை நம்பி ரிட்டர்ன் போடுபவர்கள் கூட்டம் கூட்டமாக இருக்கிறார்கள். அதைவிடப் பெரிய வேடிக்கை என்னவென்றால், அந்தத் தப்பான பாதி நியாயப்படி பார்த்தால் சரியாக இருந்திருக்க வேண்டும். சட்டப்படி தப்பு, தர்க்கப்படி சரி. இந்தக் கட்டுரையின் சண்டை அந்த இடைவெளியோடுதான்.

முதலில் ஒரு கணக்கு. கற்பனைக் கணக்குதான், ஆனால் இதே மாதிரி ஆயிரம் பேர் உண்டு.

எம்.டி. முடித்த ஒரு இளம் டாக்டர். 2023-24 நிதியாண்டில் ஒரு மருத்துவமனையில் மாதம் ஒரு லட்சம் ரூபாய்க்கு வேலை பார்க்கிறார். சம்பளம் என்று பேர் இல்லை, "தொழில்முறைக் கட்டணம்" என்று கொடுக்கிறார்கள். அதனால் மாதா மாதம் 10 சதவீதம், அதாவது 10,000 ரூபாய், டிடிஎஸ் பிடித்துக்கொண்டு மீதியைத் தருகிறார்கள். வருட முடிவில் வரவு 12 லட்சம், பிடித்த வரி 1,20,000.

டாக்டர், வக்கீல், ஆர்க்கிடெக்ட் மாதிரி சில தொழில்களுக்கு வரவில் பாதியை வருமானம் என்று காட்டிக்கொள்ளலாம் என ஒரு வசதி (பிரிவு 44ஏடிஏ) உண்டு. அதன்படி அவருடைய வருமானம் 6 லட்சம். புதிய வரி முறையில் அந்த வருடம் 7 லட்சம் வரை தள்ளுபடி இருந்ததால் கட்ட வேண்டிய வரி பூஜ்யம். பிடித்த 1,20,000 முழுக்கத் திரும்ப வர வேண்டும்.

2024 ஜூலை 20-ல் ரிட்டர்ன் போடுகிறார். கெடு ஜூலை 31, ஆக நேரத்தோடுதான் போட்டிருக்கிறார். நவம்பர் 10-ல் வங்கிக் கணக்கில் பணம் விழுகிறது. 1,20,000 அல்ல, 1,24,800.

அந்த 4,800 எங்கிருந்து வந்தது? வருமான வரிச் சட்டம் 1961-ன் பிரிவு 244ஏ சொல்லும் வட்டி அது. மாதத்துக்கு அரை சதவீதம், தனி வட்டி. கெடுவுக்குள் ரிட்டர்ன் போட்டவருக்கு நிதியாண்டு முடிந்த மறுநாளான ஏப்ரல் 1-லிருந்து, ரீஃபண்ட் கொடுக்கும் தேதி வரை. மாதத்தில் ஒரு துண்டு இருந்தாலும் அது முழு மாதம். ஏப்ரல் முதல் நவம்பர் வரை எட்டு மாதம். 1,20,000-க்கு மாதம் 600 ரூபாய், எட்டு மாதத்துக்கு 4,800. (கெடு தாண்டி ரிட்டர்ன் போட்டிருந்தால் ஏப்ரல் 1 கிடையாது, ரிட்டர்ன் போட்ட நாளிலிருந்துதான் கணக்கு.)

"எனக்கும்தான் போன வருஷம் ரீஃபண்ட் வந்துச்சு, வட்டி ஒரு பைசா வரலையே" என்று பக்கத்து அறைக்காரர் கேட்கலாம். அவருக்குக் கட்ட வேண்டிய வரி ஒரு லட்சமாக இருந்து, ரீஃபண்ட் 9,000-ஆக இருந்திருக்கும். டிடிஎஸ்ஸிலிருந்து திரும்பி வருகிற தொகை, தீர்மானித்த வரியில் 10 சதவீதத்துக்குக் குறைவாக இருந்தால் வட்டி கிடையாது என்பது அதே பிரிவில் உள்ள நிபந்தனை. சம்பளக்காரர்கள் பலருக்கு வட்டி வராமல் போவது இதனால்தான்.

இனி உரையாடலுக்குத் திரும்பலாம். 1,20,000 டாக்டருடைய சொந்தக் காசு. அதிகமாகப் பிடித்தது திரும்பி வந்தது, அது வருமானமே இல்லை, அதற்கு வரியும் இல்லை. இதுதான் தோழி சொன்னதில் சரியான பாதி. ஆனால் 4,800 வருமானம். பேங்க் டெபாசிட் வட்டி எந்தப் பெட்டியில் போகிறதோ அதே பெட்டி, "இதர வருமானம்". சேமிப்புக் கணக்கு வட்டிக்கு 80டிடிஏ, மூத்த குடிமக்களின் டெபாசிட் வட்டிக்கு 80டிடிபி என்று பழைய வரி முறையில் கழிவுகள் இருக்கின்றனவே, இதற்கும் உண்டா என்றால், இல்லை. அவை வங்கி, போஸ்ட் ஆபீஸ், கூட்டுறவு சங்கம் தருகிற வட்டிக்கு. வருமான வரித் துறை வங்கி இல்லையே!

அடுத்த குழப்பம் எந்த வருடம் என்பது. ரீஃபண்ட் வந்தபோது துறை அனுப்பிய 143(1) தகவல் கடிதத்தில் "மதிப்பீட்டு ஆண்டு 2024-25" என்று பெரிதாகப் போட்டிருக்கும். அதைப் பார்த்துவிட்டு, "அய்யோ, அந்த ரிட்டர்னில் இந்த 4,800-ஐக் காட்டவில்லையே" என்று பழைய ரிட்டர்னைத் திருத்த ஓடுபவர்கள் இருக்கிறார்கள். ஜூலையில் ரிட்டர்ன் போட்ட மனிதர் நவம்பரில் வரப்போகிற வட்டியை எப்படிக் காட்ட முடியும்? வட்டி எப்போது கொடுக்கப்பட்டதோ அந்த நிதியாண்டின் வருமானம் அது. 2024 நவம்பர் என்றால் 2024-25 நிதியாண்டு. அதைக் காட்டும் ரிட்டர்ன் 2025-ல் போட்டது, மதிப்பீட்டு ஆண்டு 2025-26. இதே ரீஃபண்ட் இன்னும் ஆறு மாதம் தள்ளி 2025 மே மாதம் வந்திருந்தால் அதற்கும் அடுத்த ரிட்டர்னுக்குப் போயிருக்கும். கடிதத்தில் உள்ள ஆண்டைப் பார்க்கக் கூடாது, பணம் கொடுத்த தேதியைப் பார்க்க வேண்டும். இரண்டு பழைய வருடங்களின் ரீஃபண்ட் ஒரே நிதியாண்டில் வந்தால் இரண்டு வட்டியும் ஒரே ரிட்டர்னில்தான் சேரும்.

இந்த விஷயம் ஒரு காலத்தில் தகராறாகவே இருந்தது. ரீஃபண்ட் கொடுத்தார்கள், ஆனால் அதற்குப் பிறகு முழு மதிப்பீடு செய்து அதைக் குறைக்கலாம், ஆக அது இன்னும் முடிவாகவில்லை, முடிவாகாத வட்டிக்கு இப்போதே எதற்கு வரி என்று கேட்டார்கள். நியாயமான கேள்விதான். 2006-ல் மும்பை வருமான வரித் தீர்ப்பாயத்தின் சிறப்பு அமர்வு அவாடா டிரேடிங் வழக்கில் இதற்குப் பதில் சொன்னது. கொடுத்த வருடத்திலேயே வட்டிக்கு வரி. பிறகு வட்டி குறைக்கப்பட்டாலோ பறிக்கப்பட்டாலோ, அந்த வருட வருமானத்தைத் திருத்திக்கொள்ளலாம். வாங்கும்போது வரி கட்டு, அப்புறம் பறித்தால் மனு போடு என்று அர்த்தம்.

சரி, டாக்டரின் அடுத்த வருடம். 2024 ஏப்ரலில் வேறொரு மருத்துவமனையில் நிரந்தர வேலை. சம்பளம் வருடத்துக்கு 14 லட்சம். நிலையான கழிவு 75,000 போக 13,25,000. அந்த வருடப் புதிய வரி முறையில் 12 லட்சத்துக்கு மேல் 15 லட்சம் வரை 20 சதவீதம். மருத்துவமனை சரியாகக் கணக்குப் போட்டு வரியைப் பிடித்துவிட்டது. படிவம் 16 கைக்கு வருகிறது. அதில் எல்லாம் இருக்கிறது, 4,800 மட்டும் இல்லை. எப்படி இருக்கும்? மருத்துவமனைக்கு இந்த வட்டி பற்றித் தெரியாது.

வரித் துறைக்குத் தெரியும். ஆனால் அது டிடிஎஸ் பிடிக்காது. பேங்க் வட்டி கொடுத்தால் ஒரு வரம்புக்கு மேல் பிடித்துக்கொண்டுதான் கொடுக்க வேண்டும். மத்திய அரசு இந்தச் சட்டத்தின் கீழ் கொடுக்கிற வட்டிக்கு 194ஏ பிரிவே விலக்கு அளித்திருக்கிறது. பேங்க் ஸ்டேட்மெண்டில் 1,24,800 என்று ஒரே வரி. அசல் எவ்வளவு, வட்டி எவ்வளவு என்று அங்கே பிரித்துப் போட்டிருக்காது. போன வருடம் எவ்வளவு கேட்டோம் என்று ஞாபகம் இருப்பவருக்குத்தான் வித்தியாசமே கண்ணில் படும்.

பிரித்துப் பார்க்க மூன்று இடங்கள் உண்டு. 143(1) கடிதத்தின் கடைசிப் பக்கங்களில் 244ஏ வட்டி என்று தனி வரி. படிவம் 26ஏஎஸ்ஸில் "கொடுக்கப்பட்ட ரீஃபண்ட்" பகுதியில் தொகை, வட்டி, கொடுத்த தேதி எல்லாம். பிறகு 2021 நவம்பரில் வந்த ஏஐஎஸ் என்கிற வருடாந்திரத் தகவல் அறிக்கை. இதில் 26ஏஎஸ்ஸில் உள்ள தேதிதான் மிக உபயோகம், எந்த ரிட்டர்ன் என்பதை அதுதான் தீர்மானிக்கிறது.

இன்னொரு பொறி உண்டு. டாக்டருக்கு என்றோ ஒரு வருடத்தின் பழைய பாக்கி 30,000 இருந்தது என்று வைத்துக்கொண்டால், துறை அதை ரீஃபண்டில் கழித்துக்கொண்டு மீதி 94,800 மட்டும் வங்கிக்கு அனுப்பும். கேட்டது 1,20,000, வந்தது 94,800. வட்டி வந்ததாகவே தோன்றாது, குறைந்துதான் வந்திருக்கிறது! ஆனால் 4,800 வட்டி கொடுத்ததாகத்தான் கணக்கு. பாக்கிக்குப் போனது அவருடைய பணம், அவர் கைக்கு வந்து போனதாகவே பார்க்கப்படும். வருமானம் 4,800 அப்படியே நிற்கும்.

ரிட்டர்னில் காட்டுவது கம்ப சூத்திரம் இல்லை. ஐடிஆர்-1-ல் Income from Other Sources பகுதியில் ஒரு பட்டியல் விரியும். சேமிப்புக் கணக்கு வட்டி, டெபாசிட் வட்டி என்று போகும் அந்தப் பட்டியலில் Interest from Income Tax Refund என்றே ஒரு வரி இருக்கிறது. அதைத் தேர்ந்தெடுத்து 4,800 என்று போட வேண்டும். 1,24,800 என்று போட்டுவிடக் கூடாது. (சிரிக்க வேண்டாம், முழு ரீஃபண்டையும் வருமானமாகக் காட்டுகிற அப்பாவிகளும் உண்டு.) முன்கூட்டியே நிரப்பித் தரும் ரிட்டர்னில் இது தானாக வந்து உட்காரலாம், வராமலும் போகலாம். வரவில்லை என்பதற்காக வரி இல்லை என்று ஆகிவிடாது.

வரி எவ்வளவு? 4,800-ல் 20 சதவீதம் 960. அதன் மேல் 4 சதவீத செஸ் 38 ரூபாய் 40 காசு. மொத்தம் 998 ரூபாய் 40 காசு. பத்தின் மடங்காக்கினால் ஆயிரம் ரூபாய்.

"ஆயிரம் ரூபாய்க்கு இவ்வளவு பெரிய கட்டுரையா?" என்று முகம் சுளிப்பவர்களுக்கு ஒரு ஓரக் கேஸ். 2025-26 நிதியாண்டிலிருந்து புதிய முறையில் 12 லட்சம் வரை மொத்த வருமானம் இருந்தால் தள்ளுபடியால் வரி பூஜ்யம். ஒருவருடைய வருமானம் கழிவுகள் போக 11,98,000 என்றால் நிம்மதி, வரி இல்லை. அவருக்கு ரீஃபண்ட் வட்டி 4,800 வந்து சேருகிறது. மொத்தம் 12,02,800. எல்லையைத் தாண்டிவிட்டார். முழு வரி அறுபதாயிரத்துச் சொச்சம் வரும், ஆனால் எல்லையைத் தாண்டிய தொகைக்கு மேல் வரி கேட்கக் கூடாது என்ற சிறு கருணை சட்டத்தில் இருப்பதால் வரி 2,800-ல் நிற்கும். செஸ் 112. ஆக 2,912. கையில் வந்த வட்டியில் அறுபது சதவீதம் திரும்பிப் போய்விட்டது. துறை தாமதம் செய்ததற்காகக் கொடுத்த வட்டி, தாமதம் ஆகியிருக்காவிட்டால் அவர் வரியே கட்டியிருக்க மாட்டார்!

இப்போதுதான் உண்மையான சண்டை.

வட்டிக்கு வரி போடுவதே அநியாயம் என்று கூச்சல் போடுவதில் பலமில்லை. டாக்டர் அந்த 1,20,000-ஐ வங்கியில் டெபாசிட் போட்டிருந்தால் அதில் வரும் வட்டிக்கும் வரி கட்டித்தான் இருப்பார். வரித் துறையிடம் மாட்டிக்கொண்டிருந்த பணத்தின் வட்டிக்கு மட்டும் ஏன் சலுகை என்று கேட்டால் பதில் சொல்வது கஷ்டம். இதுவரை துறையின் பக்கம் நியாயம் இருக்கிறது என்றே வைத்துக்கொள்ளலாம்.

ஆனால் அதே கணக்கைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள். டாக்டருக்கு 1,20,000 திரும்ப வர வேண்டியதில்லை, அவர்தான் 1,20,000 கட்ட வேண்டும், முன்கூட்டி வரி கட்டாமல் விட்டுவிட்டார், அதே நவம்பரில் கட்டுகிறார் என்று வைத்துக்கொண்டால்? பிரிவு 234பி வந்து நிற்கும். மாதத்துக்கு ஒரு சதவீதம். அதே ஏப்ரல் 1-லிருந்து, அதே எட்டு மாதம், 9,600 ரூபாய். தவணை தவறியதற்கு 234சி தனி.

அரசு தாமதித்தால் அரை சதவீதம், ஆள் தாமதித்தால் ஒரு சதவீதம். 2003 செப்டம்பரிலிருந்து இந்த இரண்டு விகிதங்களும் இப்படியே இருக்கின்றன. இதுவாவது பலருக்குத் தெரிந்த புலம்பல். "கட்டாமல் இருப்பவனைக் கட்ட வைக்க விகிதம் கூடத்தான் இருக்க வேண்டும்" என்று அதற்கு ஒரு சமாதானமும் உண்டு, அது முழுக்க அபத்தமும் அல்ல. கட்டிய வரியில் 10 சதவீதக் குறை வரை 234பி வராது, ரீஃபண்டிலும் அதே 10 சதவீதத்துக்குக் கீழே வட்டி வராது, அந்த ஒரு இடத்திலாவது தராசு சமமாகத்தான் நிற்கிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

சமாதானமே சொல்ல முடியாத இடம் அடுத்தது. டாக்டருக்கு வந்த 4,800 வருமானம், அதற்கு வரி உண்டு. அப்படியானால் டாக்டர் கட்டும் 9,600 செலவுதானே, அதை வருமானத்தில் கழிக்கலாமா? கழிக்கக் கூடாது.

ஏன்? 1998-ல் பாரத் காமர்ஸ் அண்ட் இண்டஸ்ட்ரீஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் காரணம் சொல்லியிருக்கிறது. முன்கூட்டி வரி கட்டத் தவறியதற்கான வட்டி வருமான வரியோடு பிரிக்க முடியாமல் பிணைந்தது. வருமான வரியைச் செலவாகக் கழிக்க முடியாது. ஆகவே அதன் வட்டியையும் கழிக்க முடியாது. சுருக்கமாக, அசலின் நிறம்தான் வட்டிக்கும்.

அழகான தர்க்கம். இதையே ரீஃபண்ட் பக்கம் திருப்ப வேண்டியதுதானே? ரீஃபண்ட் வருமானம் இல்லை. வட்டி ரீஃபண்டோடு பிரிக்க முடியாமல் பிணைந்தது. அசலின் நிறம்தான் வட்டிக்கும் என்றால், வருமானமல்லாத ரீஃபண்டின் வட்டி மட்டும் எப்படி வருமானம் ஆகும்? அரசு வாங்கும்போது வட்டி வரியின் பிள்ளை, அரசு கொடுக்கும்போது பேங்க் டெபாசிட்டின் தம்பி. ஒரே குடும்பத்தில் இரண்டு ஜாதகம்!

இங்கே பதில் சொல்ல வேண்டியது நாடாளுமன்றம், நீதிமன்றம் அல்ல. நீதிமன்றம் எழுதியிருக்கிற சட்டத்தைத்தான் படிக்கும். எழுதுகிறவர்கள் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம். வட்டி என்பது வருமானம்-செலவு என்றால் வாங்குவதற்கு வரி, கொடுப்பதற்குக் கழிவு. வட்டி என்பது வரியின் வால் என்றால் கொடுப்பதற்குக் கழிவு கிடையாது, வாங்குவதற்கு வரியும் கிடையாது. இரண்டு வழிகளுமே நேர்மையானவை. பிரிட்டனில் இரண்டாவது வழி. அதிகம் கட்டிய வரிக்கு அந்த நாட்டு வரித் துறை தனிநபர்களுக்குத் தரும் வட்டிக்கு வருமான வரி கிடையாது. அமெரிக்காவில் ரீஃபண்ட் வட்டிக்கு வரி உண்டு, ஆனால் தனிநபர் கட்ட வேண்டிய வட்டிக்கும் அவருக்கு வர வேண்டிய வட்டிக்கும் விகிதம் ஒன்றே. அங்கேயும் குறைகள் உண்டு, ஆனால் ஏதாவது ஒரு தட்டையாவது சமப்படுத்தியிருக்கிறார்கள். இங்கே விகிதமும் சாய்ந்திருக்கிறது, வரியும் சாய்ந்திருக்கிறது.

எவ்வளவு சாய்வு? டாக்டருக்குக் கிடைத்த 4,800-ல் வரி போக நிற்பது 3,800. அதாவது வருடத்துக்கு ஆறு சதவீதம் என்று சொல்லிக்கொள்ளும் வட்டி, கையில் 4.75 சதவீதம்தான். 30 சதவீத வரம்பில் இருப்பவருக்கு 4.13. அரசுக்குக் கிடைக்கும் பன்னிரண்டு சதவீதமோ முழுசாகப் பன்னிரண்டு.

இதிலும் ஒரு உண்மை ஒளிந்திருக்கிறது. வட்டி ஆரம்பிப்பது 2024 ஏப்ரல் 1. ஆனால் பணம் பிடிக்க ஆரம்பித்தது 2023 ஏப்ரல் மாதம். முதல் மாதம் பிடித்த 10,000 ரூபாய் திரும்பி வரும்போது ஒன்றரை வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. அதில் வட்டி கிடைத்தது எட்டு மாதத்துக்கு. மீதி காலத்துக்கு அது வட்டியில்லாக் கடன், கேட்காமலே கொடுத்த கடன்.

தாமதம் இன்னும் நீண்டால் என்ன ஆகும் என்பதற்கு சாண்ட்விக் ஏசியா வழக்கு இருக்கிறது. 12-லிருந்து 17 வருடம் வரை இழுத்தடித்துக் கொடுத்த வட்டிக்கு நஷ்ட ஈடு கொடுக்கச் சொல்லி 2006-ல் உச்ச நீதிமன்றம் துறையைக் கடுமையாகக் கண்டித்துத் தீர்ப்புச் சொன்னது. வட்டிக்கு வட்டி கிடைக்கும் என்று எல்லாரும் சந்தோஷப்பட்டார்கள். 2013-ல் குஜராத் ஃப்ளோரோ கெமிக்கல்ஸ் வழக்கில் அதே உச்ச நீதிமன்றம், சட்டத்தில் எழுதியிருக்கும் வட்டி மட்டும்தான், அதற்கு மேல் கேட்க முடியாது என்று விளக்கம் கொடுத்து அந்தக் கதவைச் சாத்திவிட்டது.

2025-ல் நிறைவேறிய புதிய வருமான வரிச் சட்டம் இதை நேராக்க ஒரு நல்ல சந்தர்ப்பமாக இருந்தது. 2026 ஏப்ரல் 1-லிருந்து அமல் என்று வந்த அந்தச் சட்டத்தில் பிரிவு எண்கள் மாறின, மொழி எளிமையானது, "மதிப்பீட்டு ஆண்டு" போய் "வரி ஆண்டு" வந்தது. அரை சதவீதமும் ஒரு சதவீதமும் அப்படியே குடிபெயர்ந்து புது வீட்டுக்கு வந்துவிட்டன.

இத்தனையையும் படித்துவிட்டு, "அநியாயமான வரி, அதனால் காட்ட மாட்டேன்" என்று ஒருவர் முடிவு எடுத்தால் அது புரட்சி இல்லை, ஏமாளித்தனம். காட்டாமல் விட்டதைக் கண்டுபிடிக்க யாரும் துப்பறிய வேண்டியதில்லை. கொடுத்தவரேதான் சரிபார்க்கிறவரும். பான் எண்ணுக்கு எதிரே 4,800 என்று அவர்கள் கணினியில் ஏற்கெனவே இருக்கிறது, ரிட்டர்னில் இல்லை, அவ்வளவுதான். முதலில் மின்னஞ்சல் வரும், "உங்கள் ரிட்டர்னும் எங்கள் தகவலும் பொருந்தவில்லை" என்று. குறைத்துக் காட்டிய வருமானத்தின் வரியில் 50 சதவீத அபராதத்துக்கும் சட்டத்தில் இடம் இருக்கிறது. ஆயிரம் ரூபாய்க்காக அந்த எல்லைக்குப் போகிறார்களோ இல்லையோ, பதில் எழுதுகிற தலைவலி வரி கட்டியவருக்குத்தான்.

கோபம் வர வேண்டியதும் இந்த இடத்தில்தான். வட்டியைக் கணக்கிட்டது துறை. கொடுத்தது துறை. பதிவு வைத்திருப்பதும் துறை. பிறகு அந்தத் தொகையைக் கண்டுபிடித்து, ஒரு பட்டியலில் தேடித் தட்டச்சு செய்கிற வேலை மட்டும் எதற்கு டாக்டருக்கு? வங்கிக்கு அனுப்பும்போதே "இதில் 4,800 வட்டி, இந்த நிதியாண்டு ரிட்டர்னில் காட்டவும்" என்று எஸ்எம்எஸ்ஸில் ஒரு வரி சேர்க்க எவ்வளவு செலவாகும்? ஒவ்வொரு ரிட்டர்னிலும் அந்தத் தொகையைத் தவறாமல் தானே நிரப்பி வைக்க என்ன தடை? தெரியாததைச் சொல்லாமல் விட்டால் மறைத்தல் என்று கேட்கலாம். கேட்பவருக்கே தெரிந்ததைச் சொல்லாமல் விட்டதை என்னவென்று சொல்வது?

டாக்டர் 2025-ல் படிவம் 16-ஐ மட்டும் வைத்து ரிட்டர்ன் போட்டுவிட்டார் என்றால் அந்த வருடம் டிசம்பர் 31 வரை திருத்திய ரிட்டர்ன் போட வழி இருந்தது. வெறும் ஆயிரம் ரூபாயோடு முடிந்திருக்கும். அதையும் விட்டிருந்தால் மிச்சம் இருப்பது புதுப்பித்த ரிட்டர்ன், ஐடிஆர்-யு. மதிப்பீட்டு ஆண்டு முடிந்து பன்னிரண்டு மாதத்துக்குள் போட்டால் கட்ட வேண்டிய வரி, வட்டியின் மேல் 25 சதவீதம் கூடுதல். அடுத்த வருடம் 50, அப்புறம் 60, நான்காம் வருடம் 70.

2027 மார்ச்சுக்குள் அவர் ஐடிஆர்-யு போட்டால் ஆயிரத்தோடு குறைந்தது இன்னொரு 250 ரூபாய். அந்த 250-ஐ எந்த வருமானத்திலும் கழிக்க முடியாது.